ஆர்டர் தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பிரிப்பது: ஒரு பொருள் மட்டும் திரும்பி வந்தாலும் ரீஃபண்ட் சரியாக இருக்க

ஒரு ஆன்லைன் துணிக்கடை. வாடிக்கையாளர் 1,499 ரூபாய்க்கு ஒரு சேலை, தலா 449 ரூபாய்க்கு மூன்று குர்தி, தலா 125 ரூபாய்க்கு இரண்டு துண்டு எடுக்கிறார். மொத்தம் 3,096. "3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 300 ரூபாய் தள்ளுபடி" என்ற கூப்பனைப் போட்டு 2,796 ரூபாய் கட்டுகிறார். நாலு நாள் கழித்து ஒரு குர்தி மட்டும் திரும்பி வருகிறது. எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

449 என்று சொல்பவர்கள்தான் அதிகம். அப்படிச் சொல்லும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன், சரிசெய்தும் இருக்கிறேன். இதே வாடிக்கையாளர் சேலையையும் மூன்று குர்தியையும் திருப்பினால், அந்த மென்பொருள் 1,499 + 1,347 = 2,846 ரூபாய் தர முயலும். அவர் கட்டியதே 2,796தான். இரண்டு துண்டும் அவரிடமே இருக்க, கடை கையிலிருந்து 50 ரூபாய் போகும். பேமெண்ட் கேட்வே, வாங்கிய தொகைக்கு மேல் திருப்ப விடாது, அங்கே பிழை வந்து நிற்கும். பிழை வந்ததும் கணக்கைப் பார்க்காமல், "கேட்வே மக்கர் பண்ணுது" என்று யுபிஐயில் தனியாகப் பணம் அனுப்பிய கதையும் நடந்தது.

இந்த ஒரே ஆர்டரை வைத்துக்கொண்டு முழு வேலையையும் படிப்படியாகப் பார்ப்போம். ஒரு சொல் குழப்பம் வராமலிருக்க: பில்லில் ஒரு பொருளுக்கான இடத்தை "வரிசை" என்கிறேன். "வரி" என்றால் ஜிஎஸ்டி மட்டும்தான்.

## 1. கோட் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

கூப்பன் எந்தெந்தப் பொருளுக்குச் செல்லும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "எல்லாத்துக்கும்" என்று வாயால் சொல்வார்கள். பிறகு, ஏற்கெனவே பாதி விலையில் இருப்பதற்குக் கிடையாது, டெலிவரி கட்டணத்துக்குக் கிடையாது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். பிரிக்கும் விகிதமே இதைப் பொறுத்து மாறும் என்பதால் இது முதலில் தெரிய வேண்டும்.

இரண்டாவது கேள்வி: பொருள் திரும்பி வந்து, மீதமுள்ள தொகை கூப்பனின் குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் கூப்பன் செல்லுமா? இது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. நிரலர் தன் இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது. 8ஆம் படியில் இதற்கு வருகிறேன்.

மூன்றாவது: கழிக்கப்படும் தொகைகளில் எது உண்மையில் தள்ளுபடி, எது பணம்? கிஃப்ட் கார்டு, வாலட் இருப்பு இரண்டும் பணம். அவற்றைத் தள்ளுபடியாக எண்ணிப் பொருள்களுக்குப் பிரித்துவிட்டால், 500 ரூபாய் கிஃப்ட் கார்டு கொடுத்தவருக்கு அந்த 500 திரும்பவே கிடைக்காது. பில் தொகை அப்படியே இருக்கும், அதை எந்த வழியில் கட்டினார் என்பது மட்டுமே மாறும். ரீஃபண்டும் அந்தந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். திரையில் கூப்பனும் கிஃப்ட் கார்டும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே கழித்தல் குறியோடு தெரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

## 2. எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள்

3,096 ரூபாய் என்றால் 309600. 300 ரூபாய் என்றால் 30000. தசமப் புள்ளி திரையில் காட்டும் இடத்தில் மட்டும் வரட்டும்.

கணினியின் மிதவைப் புள்ளி எண்களில் 0.1 கூட துல்லியமாக நிற்காது. ஒரு பெருக்கலில் இது தெரியாது. பிரித்து, கூட்டி, மறுபடி கழிக்கும்போது "மீதம் பூஜ்யமா?" என்ற கேள்விக்கு 0.0000001 என்று பதில் வரும், ஆர்டர் முடியாமல் தொங்கும். ரேஸர்பே போன்ற கேட்வேக்களும் தொகையைப் பைசாவில்தான் கேட்கின்றன. ஆகவே மாற்றும் வேலையும் மிச்சம்.

## 3. பிரிக்கும் அடிப்படையைத் தேர்ந்தெடுங்கள்

300 ரூபாயை ஆறு பொருளுக்கும் சமமாக, ஆளுக்கு 50 என்று பிரித்தால் என்ன? 125 ரூபாய் துண்டு 75 ஆகும், 1,499 ரூபாய் சேலை 1,449 ஆகும். துண்டைத் திருப்புபவர் பாவம், சேலையைத் திருப்புபவருக்குக் கொண்டாட்டம். கார்ட்டில் 40 ரூபாய் கைக்குட்டை ஒன்றும் இருந்தால் அதன் விலை கழித்தலுக்கே போய்விடும். அதனால் சமப் பங்கு உதவாது. விலையின் விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும்.

எந்த விலை என்பதில் கவனம் தேவை. அந்த வரிசைக்கென்றே தனித் தள்ளுபடி இருந்தால் (துண்டுக்கு மட்டும் 10 சதவீதம் என்பது போல) அதைக் கழித்த பிறகு நிற்கும் தொகையே அடிப்படை. முதலில் பொருளின் சொந்தத் தள்ளுபடி, அப்புறம் ஆர்டர் தள்ளுபடி. இந்த ஒழுங்கை மாற்றினால் மொத்தம்கூட மாறும்.

கூப்பன் செல்லாத பொருளை ரகசியமாக விலக்காதீர்கள். அதன் எடையை, அதாவது பிரிக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படைத் தொகையை, பூஜ்யமாக வைத்து அதே பட்டியலில் இருக்க விடுங்கள். பிறகு "இதற்கு ஏன் தள்ளுபடி வரவில்லை?" என்று யாராவது கேட்டால், பதிவில் 0 என்று இருப்பதே பதிலாகிவிடும். எல்லா எடையும் பூஜ்யமானால் கூப்பனையே ஏற்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த படியில் பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும்.

கூப்பன் சதவீதமாக இருந்தாலும் செய்முறை இதுவே. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே 10 சதவீதம் போட்டுக் கூட்டாதீர்கள். மொத்தத்துக்கு ஒரே தடவை கணக்கிட்டு, "அதிகபட்சம் 500" போன்ற உச்ச வரம்பையும் போட்டு, வரும் ஒரே எண்ணைப் பிரியுங்கள். வாடிக்கையாளர் திரையில் பார்த்ததும் அந்த ஒரே எண்தான்.

## 4. விகிதப்படி பிரியுங்கள், மிச்சப் பைசாவை முறையாகப் பங்கிடுங்கள்

நம் ஆர்டரில் ஒவ்வொரு வரிசைக்கும் வரும் பங்கு, பைசாவில்:

- சேலை: 30000 × 149900 ÷ 309600 = 14525.19
- குர்தி (மூன்றும் சேர்த்து): 30000 × 134700 ÷ 309600 = 13052.33
- துண்டு (இரண்டும் சேர்த்து): 30000 × 25000 ÷ 309600 = 2422.48

மூன்றையும் வழக்கம்போல் கிட்டத்து முழு எண்ணுக்கு மாற்றினால் 14525, 13052, 2422. கூட்டிப் பாருங்கள்: 29999. ஒரு பைசா காணோம்.

"ஒரு பைசாதானே அண்ணே, விடுங்க" என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. பைசாவின் மதிப்பைப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஆனால் பில்லில் தள்ளுபடி 300.00, வரிசைகளின் கூட்டு 299.99 என்று இருந்தால், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு இரண்டையும் ஒப்பிடும்போது ஆயிரக்கணக்கான ஆர்டர்கள் "பொருந்தவில்லை" என்று நிற்கும். அவற்றின் நடுவே உண்மையான தவறு ஒன்று இருந்தாலும் கண்ணில் படாது.

இதற்குச் செய்ய வேண்டியது: எல்லாப் பங்கையும் முதலில் கீழ்நோக்கி வெட்டுங்கள். மீதமாகும் பைசாக்களை, வெட்டுப்பட்ட பின்னம் எதற்குப் பெரிதோ அதற்கு முதலில், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இங்கே வெட்டியபின் மீதம் 1. பின்னங்கள் .19, .33, .48. அந்தப் பைசா துண்டுக்குப் போகிறது, அது 2423 ஆகிறது. இப்போது கூட்டு சரியாக 30000.

```python
def allocate(total, weights):
    base = sum(weights)
    shares = [total * w // base for w in weights]
    left = total - sum(shares)
    order = sorted(range(len(weights)),
                   key=lambda i: (-(total * weights[i] % base), i))
    for i in order[:left]:
        shares[i] += 1
    return shares

allocate(30000, [149900, 134700, 25000])
# [14525, 13052, 2423]
```

பின்னம் சமமாக இருந்தால் வரிசை எண்ணைப் பார்த்து முடிவாகிறது. அந்த `i` பட்டியலில் வரிசை நிற்கும் இடம் என்பதால், தரவுத்தளம் தரும் ஒழுங்கை நம்பினால், ஒரே ஆர்டருக்கு இன்று ஒரு விடையும் நாளை ஒரு விடையும் வரலாம். அதனால் வரிசைகளை எப்போதும் ஒரே நிலையான ஒழுங்கில் அனுப்புங்கள்.

மிச்சம் முழுவதையும் கடைசி வரிசையில் தள்ளிவிடும் குறுக்கு வழியைப் பல இடங்களில் பார்க்கலாம். கூட்டு சரியாக வரும் என்பது உண்மை. ஆனால் கடைசி வரிசை விலையில்லா இலவசப் பொருளாக இருந்தால் அதற்கு ஒரு பைசா தள்ளுபடி விழுந்து, விலை கழித்தல் ஒரு பைசா ஆகும். பில் அச்சிடும் மென்பொருள் அதை ஏற்காது. மேலே சொன்ன முறையில் இது நடக்காது: எடை பூஜ்யமான வரிசைக்குப் பின்னமும் பூஜ்யம். மீதமாகும் பைசாக்களின் எண்ணிக்கையோ, பின்னம் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையைவிட எப்போதும் குறைவு. ஆக, அதன் முறை வருவதற்குள் பைசா தீர்ந்துவிடும். தள்ளுபடி, கூப்பன் செல்லும் பொருள்களின் மொத்த விலையைத் தாண்டாத வரை, எந்த வரிசையின் பங்கும் அதன் விலையைத் தாண்டாது.

## 5. ஆர்டர் உறுதியாகும் நொடியிலேயே பங்கை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு வரிசையிலும் மூன்று எண் இருக்கட்டும்: தள்ளுபடிக்கு முந்தைய தொகை, ஆர்டர் தள்ளுபடியில் அதன் பங்கு, கழித்து நிற்கும் தொகை. எந்தக் கூப்பன் என்பதும் கூடவே. பணம் வந்த பிறகு இவற்றை யாரும் மாற்றக் கூடாது.

| வரிசை | தொகை | பங்கு | நிற்பது |
|---|---|---|---|
| சேலை × 1 | 1,499.00 | 145.25 | 1,353.75 |
| குர்தி × 3 | 1,347.00 | 130.52 | 1,216.48 |
| துண்டு × 2 | 250.00 | 24.23 | 225.77 |
| மொத்தம் | 3,096.00 | 300.00 | 2,796.00 |

திரும்பி வரும்போது மறுபடி கணக்கிட்டுக் கொள்ளலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இடையில் கூப்பனின் விதியை யாரோ மாற்றினார்கள், துண்டு அதற்குள் வராமல் போயிற்று. பழைய ஆர்டர்களைப் பிரித்தபோது துண்டின் பங்கு சேலைக்கும் குர்திக்கும் போய்விட்டது. வாடிக்கையாளரிடம் இருந்த பில்லில் ஒரு எண், எங்கள் ரீஃபண்டில் வேறு எண். பில்லில் அச்சானதே ஒப்பந்தம். மறுகணக்கு அதை மீறும் வாய்ப்பை ஏன் வைக்க வேண்டும்?

அனுப்பும் முன்பே ஒரு பொருள் தீர்ந்துபோய் ரத்தானாலும் இதே கதைதான். மற்றப் பொருள்களுக்கு மறுபடி பிரிக்காதீர்கள். ரத்தான வரிசையை "திரும்பி வந்தது" போலவே நடத்துங்கள்.

## 6. ரீஃபண்டை "இதுவரை மொத்தம்" என்ற கணக்கில் போடுங்கள்

இப்போது அந்த ஒரு குர்தி. வரிசையில் நிற்பது 121648 பைசா, மூன்று உருப்படி. வகுத்தால் 40549.33. முழுதாக வகுபடவில்லை.

ஒவ்வொரு முறையும் 40549 கொடுத்தால் மூன்றும் திரும்பியபின் ஒரு பைசா நம்மிடம் தங்கும். மேல்நோக்கி 40550 கொடுத்தால் இரண்டு பைசா கூடுதலாகப் போய், கடைசி ரீஃபண்டைக் கேட்வே மறுக்கும். இரண்டுமே வேண்டாம் என்றால் கேள்வியை மாற்ற வேண்டும். "இந்த ஒன்றுக்கு எவ்வளவு?" என்று கேட்காமல், "இதுவரை திரும்பிய மொத்தத்துக்கு எவ்வளவு ஆகியிருக்க வேண்டும், அதில் எவ்வளவு கொடுத்தாயிற்று?" என்று கேளுங்கள்.

```python
def refund(line_net, qty, before, now):
    upto = line_net * (before + now) // qty
    done = line_net * before // qty
    return upto - done
```

முதல் குர்திக்கு 405.49. இரண்டாவது திரும்பினால் 81098 − 40549 = 40549, மறுபடி 405.49. மூன்றாவதுக்கு 121648 − 81098 = 40550, அதாவது 405.50. கூட்டினால் 1,216.48, அட்டவணையில் உள்ளதே. ஒரே நேரத்தில் இரண்டு வந்தாலும், மூன்று தடவையாக வந்தாலும் கடைசி மொத்தம் மாறாது. துண்டு இரண்டுக்கும் இப்படியே 112.88, 112.89.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியில் தொகையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். "449 ரூபாய் பொருளுக்கு 405.49 ஏன்?" என்ற அழைப்பு நிச்சயம் வரும். "விலை 449.00, கூப்பனில் இதன் பங்கு 43.51, நீங்கள் செலுத்தியது 405.49" என்று ஒரே வாக்கியத்தில் காட்டினால் அந்த அழைப்பு பெரும்பாலும் வராது. பில்லிலேயே வரிசைவாரியாகப் பங்கு அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சமாதானத்துக்காக 50 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை இந்த வரிசையின் ரீஃபண்டில் கலக்காதீர்கள். தனி இழப்பீடாகப் பதியுங்கள். இதில் கலந்தால் "இதுவரை கொடுத்தது" என்ற எண்ணே பொய்யாகி, அடுத்த கணக்கு முழுவதும் சாயும்.

## 7. ஜிஎஸ்டியைப் பங்கிட்ட பிறகே பிரித்தெடுங்கள்

ஒழுங்கு முக்கியம்: முதலில் தள்ளுபடிப் பங்கு, அப்புறம் வரி. சிஜிஎஸ்டி சட்டத்தின் 15(3) பிரிவின்படி, விற்கும்போதோ அதற்கு முன்போ கொடுத்து, பில்லில் காட்டிய தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது. ஒரே ஆர்டரில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்தால், தள்ளுபடி எதன் மீது எவ்வளவு விழுந்தது என்பதே அரசுக்குப் போகும் வரியை மாற்றும். பங்கீட்டை நம் வசதிக்கு வளைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயத்த ஆடையில் இன்னொரு வலை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு ஆடையின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், தாண்டினால் 18 சதவீதம். வரி நீங்கலாக 2,600 ரூபாய் இருந்த ஒரு ஆடை, கூப்பனில் தன் பங்கு கழிந்து 2,340க்கு வந்தால் விகிதமே இறங்கிவிடும். வரி விகிதத்தைப் பொருள் பட்டியலிலிருந்து நேரே எடுக்கும் மென்பொருள் இங்கே தவறும். பங்கீட்டுக்குப் பின் ஒருமுறை விகிதத்தைப் பார்க்கும் படி ஒன்று வேண்டும்.

நம் குர்தி வரிசைக்கு வருவோம். வரி உட்பட 1,216.48, விகிதம் 5. மாநிலத்துக்குள் விற்பனை என்றால் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5. ஒன்றின் தொகை 1,216.48 × 2.5 ÷ 105 = 28.96. இரண்டும் சேர்ந்து 57.92, வரிக்குரிய மதிப்பு 1,158.56. மொத்த வரியைக் கண்டுபிடித்துப் பாதியாக்குவதைவிட, பாதியைக் கண்டுபிடித்து இரட்டிப்பது நல்லது. ஒற்றைப்படைப் பைசா வந்து இரண்டு பாதியும் சமமில்லாமல் போகாது.

பொருள் திரும்பும்போது 34ஆம் பிரிவின்படி, பில் தொகையைக் குறைக்கும் ஆவணமான கிரெடிட் நோட் போடுகிறோம். இங்கே பலர், ரீஃபண்ட் தொகையிலிருந்து வரியைப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். 405.49க்கு 9.65, மறுபடி 9.65, 405.50க்கும் 9.65. மூன்றும் சேர்ந்தால் 28.95. பில்லில் இருந்தது 28.96! 4ஆம் படியில் விரட்டிய அதே பைசா பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. வரியையும் 6ஆம் படியின் செயல்கூறிலேயே போடுங்கள்: பில்லில் பதிந்த 2896 பைசாவை மூன்று உருப்படிக்கு. 9.65, 9.65, 9.66 என்று வரும். வரிக்குரிய மதிப்பு, ரீஃபண்டிலிருந்து இரண்டு வரியையும் கழித்தால் கிடைப்பது.

வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றால், பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அந்தக் கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட வேண்டும் (அதற்கு முன்பே ஆண்டறிக்கை தாக்கல் செய்துவிட்டால், அந்தத் தேதிக்குள்). துணிக்கடையில் திருப்பும் காலம் குறைவு என்பதால் இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை.

## 8. குறைந்தபட்சத் தொகைக் கூப்பன்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

நம் கூப்பன் 3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான். சேலையைத் திருப்பினால் மீதம் 1,597 ரூபாய்ப் பொருள்தான். "அவருக்குக் கூப்பனே கிடைத்திருக்காதே" என்று கடைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஒரு வழி, பதிந்த பங்குப்படியே 1,353.75 கொடுப்பது. மற்ற வழி, வைத்துக்கொண்ட பொருளைக் கூப்பன் இல்லாமல் வாங்கியதாக எண்ணி, 2,796 − 1,597 = 1,199 கொடுப்பது. இரண்டாவது கடைக்கு லாபமாகத் தெரியும். அதே விதியை ஒரு துண்டுக்குப் போட்டுப் பாருங்கள். 125 ரூபாய்த் துண்டு ஒன்று திரும்புகிறது. மீதம் 2,971, அதாவது 3,000க்குக் கீழே. 2,796 − 2,971 = கழித்தல் 175. துண்டைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளர் நமக்கு 175 ரூபாய் தர வேண்டும்!

இதைத் தடுக்கப் பூஜ்யத்தில் நிறுத்தினால், அவர் துண்டைத் திருப்பி ஒன்றும் பெறாமல் போவார். அடுத்து சேலையும் வந்தால், முன்பு நிறுத்திய கணக்கையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பொருள் கிழிந்திருந்ததால் திருப்பினால் இந்த விதியே அநியாயம், ஆகவே காரணத்தைப் பார்த்துக் கிளை பிரிய வேண்டும். கிரெடிட் நோட்டும் சிக்கலாகும்: திரும்பாத பொருளின் விலையை, பில் போட்ட பிறகு கூட்டுகிறோம்.

நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். கூப்பனுக்காகக் கூடுதலாக வாங்கித் திருப்புபவர்கள் தொல்லையாக இருந்தால், அதைக் கூப்பன் விதியில் கையாளுங்கள். உதாரணமாக, திருப்பும் காலம் முடிந்த பிறகு அந்த 300ஐ வாலட்டில் வரவு வைக்கலாம். நிர்வாகம் இரண்டாவது வழிதான் வேண்டும் என்று நின்றால், வாங்கும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதச் சொல்லுங்கள்.

டெலிவரி கட்டணத்திலும் இதே யோசனை வரும், "இலவச டெலிவரி 999க்கு மேல்" என்பதைப் போல. அங்கேயும் இதே பதில்.

## 9. மூன்று சோதனை

முதல் சோதனை தரவுத்தளத்தில், தினமும் ஓடட்டும். பங்குகளின் கூட்டு ஆர்டர் தள்ளுபடிக்குச் சமமா?

```sql
SELECT o.id
FROM orders o
JOIN order_lines l ON l.order_id = o.id
GROUP BY o.id, o.discount
HAVING SUM(l.discount) <> o.discount;
```

விடையில் ஒரு ஆர்டர்கூட வரக் கூடாது. "ஒரு ரூபாய் வரை வித்தியாசம் பரவாயில்லை" என்று தளர்த்தாதீர்கள். முழு எண்ணில் கணக்கிட்டால் வித்தியாசத்துக்கு இடமே இல்லை.

இரண்டாவது, திருப்பும் ஒழுங்கை மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஆறு பொருளையும் கண்டபடி கலைத்து, ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். எந்த ஒழுங்கில் வந்தாலும் ரீஃபண்டின் மொத்தம் 2,796.00 ஆக வேண்டும், நடுவில் எதுவும் கழித்தலாகக் கூடாது. கையால் எழுதிய உதாரணங்களை மட்டும் நம்பாதீர்கள். 500, 1000 என்று அழகான எண்களைத்தான் நாம் எழுதுவோம், அவை பெரும்பாலும் வகுபடும். நானே இந்தக் கட்டுரைக்கு முதலில் எடுத்த மூன்று உதாரணத்திலும் குர்தியின் பங்கு மூன்றால் கச்சிதமாக வகுபட்டது. விலைகளை மாற்றிய பிறகுதான் அந்தப் பைசா வெளியே வந்தது.

மூன்றாவது, விளிம்புகள்: விலையில்லாப் பொருள் கடைசியில், விலக்கப்பட்ட பொருள் மட்டும் திரும்புதல், தள்ளுபடி மொத்த விலைக்குச் சமமாதல், தள்ளுபடி ஒரே ஒரு பைசா.

## 10. பழைய ஆர்டர்கள்

புதிய முறையை ஏற்றிய அன்று, பங்கு பதியாத பழைய ஆர்டர்கள் திரும்பி வரத் தொடங்கும். ரீஃபண்டே நடக்காதவற்றுக்கு, பில்லில் உள்ள விலைகளை வைத்துப் பங்கைக் கணக்கிட்டுப் பதிந்துவிடலாம். பின்னால் கணக்கிட்டது என்று ஒரு குறி இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏதாவது திரும்பியிருந்தால், பழைய தவறான தொகை வாடிக்கையாளர் கணக்கில் ஏறிவிட்டது. அதைத் திரும்பக் கேட்க முடியாது. அவற்றுக்கும் பங்கைக் கணக்கிடுங்கள், ஆனால் கொடுக்கும் தொகைக்கு ஒரு உச்ச வரம்பு வையுங்கள்: அவர் கட்டியதிலிருந்து இதுவரை கொடுத்ததைக் கழித்தது. சேலைக்கு முன்பே 1,499 போயிருந்தால் மீதம் 1,297. குர்தி மூன்றும் வந்தால் 1,216.48 கொடுக்கலாம். அதன்பின் மிஞ்சுவது 80.52. துண்டு இரண்டும் வந்தால் 225.77 கிடையாது, 80.52தான் போகும்.

அந்த வரம்பில் இடிக்கும் ஆர்டர்களை மென்பொருள் தானாக முடிக்காமல், ஒரு ஆள் பார்க்கும் பட்டியலுக்கு அனுப்பட்டும். வாடிக்கையாளரிடம் காரணத்தை ஒருவர் சொல்லியாக வேண்டும். திருப்பும் காலம் 15 நாள் என்றால், பதினாறாவது நாள் அந்தப் பட்டியல் தானே காலியாகிவிடும்.